தாழ்மையுடன் வேண்டாத ஒரு விண்ணப்பம்

எங்கள் விடுதியில் ஒரு விண்ணப்ப மாதிரி பல ஆண்டுகளாகக் கைமாறி வருகிறது. கடன் தவணை தவறியவர்கள் அபராத வட்டியைத் தள்ளுபடி செய்யக் கோரி வங்கி மேலாளருக்கு எழுதும் கடிதம் அது. 'தாழ்மையுடன் வேண்டிக்கொள்கிறேன்' என்று தொடங்கி, நடுவில் குடும்ப வறுமையைச் சொல்லி, 'தங்கள் கருணையை எதிர்நோக்கும்' என்று முடியும். அந்த மாதிரியைக் கிழித்தெறிய வேண்டும் என்பதே இப்பதிவின் வாதம். கருணை கேட்கும் கடிதத்தை மறுப்பதற்கு எவரும் காரணம் சொல்ல வேண்டியதில்லை என்பதை வங்கிகள் நம்மைவிட நன்றாக அறிந்திருக்கின்றன.

என் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். களப்பணிக்காக எடுத்த தனிநபர் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, மாதத் தவணை 8,400 ரூபாய், ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி கணக்கிலிருந்து தானாக எடுக்கப்படும். செப்டம்பர் 3 இரவு டெங்குக் காய்ச்சலால் ஹைதராபாத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். 4ஆம் தேதி முன்பணமாக 15,000 ரூபாய் கட்டியபின் கணக்கில் எஞ்சியது 2,100. மறுநாள் தவணை திரும்பியது. 9ஆம் தேதி வீடு திரும்பினேன். 14ஆம் தேதி உதவித்தொகை வந்த அன்றே 8,400 ரூபாயையும் செலுத்திவிட்டேன். தாமதம் ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளுக்கு, தவறிய தொகைமீது ஒப்பந்த வட்டி எவ்வளவு என்று கணக்கிட்டுப் பாருங்கள்: 24 ரூபாய் 85 காசு. அதைக் கொடுக்க நான் மறுக்கவில்லை; பணம் என்னிடம் இருந்த காலத்துக்கு அது விலை. வங்கி அதற்குமேல் எடுத்தது, தவணை திரும்பியதற்கு 500 ரூபாயும் தாமத அபராதமாக 500 ரூபாயும் அந்த அபராதத்தின்மீது சரக்கு சேவை வரியாக 90 ரூபாயும். மொத்தம் 1,090.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நானும் முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பேன். நான் செலுத்திய 8,400 ரூபாயிலிருந்து வங்கி முதலில் தன் கட்டணங்களைக் கழித்துக்கொண்டது; மீதியைத்தான் தவணையில் வரவு வைத்தது. ஆகவே தவணையில் 1,090 ரூபாய் குறைந்தது. அக்டோபரில் தவணை ஒழுங்காகப் போயும், பழைய 1,090 ரூபாய் 'நிலுவை' என்று காட்டப்பட்டு, மீண்டும் 590 ரூபாய் அபராதம் விழுந்தது. கடன் தகவல் அறிக்கையிலும் இரண்டாவது மாதம் தாமதம் என்று பதிவானது. நான் தவறிய தவணை ஒன்றே. இரண்டாவது 'தவறு' அபராதத்தின் குழந்தை. கணக்கு அறிக்கையை வரிவரியாகப் பார்க்காதவர்களுக்கு இது தெரியவே வராது. குறுஞ்செய்தியில் 'நிலுவை உள்ளது' என்று மட்டுமே வரும்.

இந்திய ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்ட் 18 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இந்த இடத்தில்தான் பேசுகிறது. கடன் நிபந்தனையை மீறியதற்கு விதிப்பது 'அபராதக் கட்டணமாக' இருக்க வேண்டும், வட்டி விகிதத்தோடு சேர்க்கப்படும் 'அபராத வட்டியாக' இருக்கக் கூடாது என்றது. புதிய கடன்களுக்கு அது 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. மொழியியல் படித்தவள் என்பதால் சொற்களைப் பிடித்துத் தொங்குகிறேன் என்று எண்ண வேண்டாம். வட்டி வளரும், கட்டணம் வளராது. அக்கட்டணத்தை அசலோடு சேர்க்கக் கூடாது, அதன்மீது மேலும் வட்டி கணக்கிடக் கூடாது என்று சுற்றறிக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. கிளையில் இன்றும் எல்லோரும் 'பீனல் இன்ட்ரஸ்ட்' என்றே பேசுகிறார்கள். பெயர் மாறாத இடத்தில் பழக்கமும் மாறவில்லை.

அதே சுற்றறிக்கை அபராதத்தின் நோக்கத்தையும் வரையறுக்கிறது: கடன் ஒழுக்கத்தை வளர்ப்பதற்கே அது, வருவாயைப் பெருக்கும் கருவி அன்று; அளவு நியாயமானதாகவும் மீறலுக்கு ஏற்றதாகவும் இருக்க வேண்டும். ஒழுக்கம் என்றால் அங்கே ஒரு விருப்பம் இருக்க வேண்டும். கட்ட முடிந்தும் கட்டாதவரைத் திருத்தலாம். கையில் நரம்பூசியுடன் படுத்திருந்தவளிடம் எந்த ஒழுக்கத்தை வளர்க்கிறார்கள்? ஒருநாள் தாமதத்துக்கும் இருபத்தொன்பது நாள் தாமதத்துக்கும் ஒரே 500 ரூபாய் என்றால் அது எந்த மீறலுக்கு ஏற்ற அளவு? இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவும் ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத் தொகையை உச்சவரம்பாகவே கொள்கிறது. கிடைப்பது அதற்குட்பட்ட நியாயமான இழப்பீடு மட்டுமே.

கிளை மேலாளர் நல்ல மனிதர். 'அம்மா, சிஸ்டம் தானா போட்டது, எங்க கையில ஒண்ணும் இல்ல' என்றார். அந்த வாக்கியத்தின் எழுவாயைக் கவனியுங்கள்: தானே செயல்படும் ஒரு சிஸ்டம். அந்தச் சிஸ்டத்துக்குக் கட்டளையிடும் கொள்கையை வங்கியின் இயக்குநர் குழு ஒப்புதல் அளித்து வைத்திருக்க வேண்டும் என்பது அதே சுற்றறிக்கையின் விதி. ஆகவே என் கடிதத்தில் முதலில் அந்தக் கொள்கையையும், கட்டணத்தை நீக்கும் அதிகாரம் எந்த நிலை அலுவலருக்கு உண்டு என்பதையும் எழுத்தில் கேட்டேன்.

நேர்மையாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவசரநிலை நேர்ந்தால் அபராதத்தை நீக்கியே தீர வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. முதல் அபராதத்தை நீக்குவது வங்கியின் முடிவு. அதற்கு வலுவான காரணமும் சான்றும் தர வேண்டியது நம் பொறுப்பு. இரண்டாவது அபராதம் அப்படியன்று, அது பிழை. இவ்விரண்டையும் ஒரே 'தயவுசெய்து'க்குள் போட்டுக் கட்டுவதுதான் விடுதி மாதிரிக் கடிதம் செய்யும் பெருங்கேடு. வரியும் அப்படியே: ரிசர்வ் வங்கியின் ஒழுங்குமுறைக்குட்பட்ட நிறுவனங்கள் விதிக்கும் அபராதக் கட்டணத்தின்மீது சரக்கு சேவை வரி இல்லை என்று 2025 ஜனவரியிலேயே தெளிவுபடுத்தப்பட்டுவிட்டது. அந்த 90 ரூபாயைத் திருப்பிக் கேட்பதில் கருணைக்கு என்ன வேலை?

சான்று பற்றிச் சிறிது. நண்பர்கள் இரத்தப் பரிசோதனை அறிக்கைகளையெல்லாம் இணைக்கச் சொன்னார்கள். பயனில்லை. வங்கி பார்ப்பது நோயின் கடுமையை அன்று, தேதியை. தவணை நாளான 5ஆம் தேதி நான் மருத்துவமனையில் இருந்தேன் என்பதற்கு விடுவிப்புச் சுருக்கம். தவணைக்கான பணம் அதற்கு முந்தைய நாள் மருத்துவமனைக்குப் போனது என்பதற்கு முன்பண ரசீதும் அதே தொகையைக் காட்டும் கணக்கு அறிக்கையும். இந்த மூன்று தாள்கள் போதும். 9ஆம் தேதியிட்ட இறுதிப் பட்டியலை மட்டும் இணைத்தால், 5ஆம் தேதி ஏன் பணமில்லை என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

கடன் தகவல் பதிவிலும் அதே பிரிவினை செய்தேன். செப்டம்பரின் ஒன்பது நாள் தாமதம் உண்மை. அதை அழிக்கக் கேட்கவில்லை, கேட்டாலும் அழிக்க இயலாது. கட்டணம் நீக்கப்பட்டாலும் அந்தப் பதிவு இருக்கும் என்பதை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். அக்டோபர் பதிவு பொய். அதைத் திருத்தக் கோரினேன்.

அக்டோபர் 10 அன்று வங்கியின் குறைதீர்ப்பு முகவரிக்கு அனுப்பி, எண் பெற்றுக்கொண்டேன். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் நிறைவளிக்காவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம் என்பதையும் கடிதத்தின் கடைசி வரியாக எழுதியிருந்தேன்.

பதில் நவம்பர் 3 அன்று வந்தது. இரண்டு அபராதங்களும் வரியுடன் 1,180 ரூபாயாகத் திரும்பின. அக்டோபர் பதிவைத் திருத்த ஒப்புக்கொண்டார்கள். திருப்பித் தருவதை 'நல்லெண்ண அடிப்படையில்' என்று குறிப்பிட்டிருந்தார்கள். தவணை திரும்பியதற்கான 500 ரூபாயை மட்டும் காரணம் எதுவும் சொல்லாமல் மறுத்துவிட்டார்கள். காரணம் கேட்டு நேற்று இரண்டாவது கடிதம் அனுப்பியிருக்கிறேன்; 'நல்லெண்ணம்' என்ற சொல்லை நீக்கித் திருத்திய பதிலையும் அதில் கேட்டிருக்கிறேன்.