வாரிசு வேலையா? கருணை வேலையா?

சர்க்கார் உத்தியோகத்தில் இருக்கும்போதே ஒருவர் இறந்துபோனால், அவருடைய குடும்பத்தில் ஒருவருக்குச் சர்க்கார் ஒரு வேலை கொடுப்பதுண்டு. தமிழ்நாட்டில் 1972-ஆம் வருஷத்திலிருந்து இந்த ஏற்பாடு இருந்து வருகிறது. நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில் ஜனங்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் "வாரிசு வேலை" என்பதாகும். சர்க்கார் காகிதத்தில் எழுதியிருக்கும் பெயர் "கருணை அடிப்படையில் நியமனம்" என்பதாகும். இந்த இரண்டுமே பொய்ப் பெயர்கள் என்பதுதான் நமது அபிப்பிராயம். முதல் பெயர் குடும்பங்களைக் கெடுக்கிறது. இரண்டாவது பெயர் ஆபீசுகளைக் கெடுக்கிறது.

முதலில் வாரிசு என்பதைப் பார்ப்போம். காவிரிப் பாய்ச்சல் நாட்டில் பிறந்தவனுக்கு "மிராசு" என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அப்பன் அனுபவித்ததை மகன் அனுபவிப்பதற்குத்தான் அந்தப் பெயர். நிலம் மாத்திரமா மிராசாக இருந்தது? கணக்குப்பிள்ளை வேலை, மணியம், தலையாரி வேலை எல்லாம் ஒரே குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வந்தன. கூட்டிக் கழிக்கத் தெரியாத பிள்ளையும் கணக்குப்பிள்ளையாக வரலாம். ஊரிலேயே கெட்டிக்காரனான இன்னொருவன் வர முடியாது. இதற்கு 1895-இல் ஒரு சட்டமே போட்டிருந்தார்கள். குண்டூர் ஜில்லாவில் ஒரு கிராம முன்சீப் வேலைக்காக எழுந்த வழக்கில், 1960 டிசம்பரில், பிறப்பைப் பார்த்து அந்த வேலையைக் கொடுக்கச் சொன்ன சட்டப்பிரிவு செல்லாதென்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. ஏனென்றால் அரசியல் சட்டத்தின் 16-ஆவது பிரிவில், சர்க்கார் உத்தியோக விஷயத்தில் மதம், ஜாதி, ஆண் பெண் என்பவைகளோடு வமிசத்தையும் பார்க்கக்கூடாது என்று எழுதியிருக்கிறது. கடைசியில் 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் பழைய கர்ணம், மணியம் உத்தியோகங்களே எடுக்கப்பட்டுப்போயின.

அப்படியிருக்க, அப்பன் செத்தான் என்பதற்காக மகனுக்கு வேலை என்றால், அது பழைய மிராசு புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்ததாகாதா? ஒரு காலி ஸ்தானத்துக்கு ஆயிரம் பேர் பரீட்சை எழுதிக் காத்திருக்கிறார்கள். அவர்களில் கூலிக்காரன் மகனும் உண்டு. அவனுடைய அப்பனும் செத்திருக்கலாம். ஆனால் அவன் அப்பன் சர்க்கார் சம்பளம் வாங்காத குற்றத்துக்காக அவனுக்கு இந்த வழி கிடையாது. ஆகையால், அவனிடம் "உன்னைத் தாண்டி இவனுக்குக் கொடுக்கிறோம்" என்று சொல்லுவதற்குத் தக்க நியாயம் ஒன்று இருந்தாக வேண்டும்.

அந்த நியாயம் பிறப்பு அல்ல, பசி. 1994-இல் ஹரியானா சர்க்கார் சம்பந்தமான வழக்கில் உச்சநீதிமன்றம் இதைத்தான் சொல்லிற்று. சம்பாதிப்பவர் திடீரென்று போனதால் அடுப்பு அணைந்த வீட்டை அந்த நெருக்கடியிலிருந்து தூக்கிவிடுவதே நோக்கம். செத்தவர் வகித்த உத்தியோகத்துக்குச் சமமான உத்தியோகம் கேட்க முடியாது. கடைசி இரண்டு படிகளில் உள்ள வேலைதான் கிடைக்கும். வருஷங்கள் கழிந்து எப்போது வேண்டுமானாலும் வந்து கேட்கும் சொத்து அல்ல இது என்பது அதன் சாரம். பென்ஷன் விஷயம் வேறு. அது செய்த வேலைக்காகச் சேர்ந்த பாத்தியதை, யாருடைய தயவும் அல்ல என்று அதே கோர்ட்டு 1982-இல் சொல்லியிருக்கிறது. இந்த வித்தியாசம் தெரியாமல் நம்மவர்கள் படும் கஷ்டம் கொஞ்சமல்ல.

ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். நாம் கற்பித்துச் சொல்லுவதுதான். ஆனால் ஆற்றோரத்து ஊர்களில் இதைப் போன்றது பல உண்டு. வெண்ணாற்று மதகுகளைத் திறந்து மூடும் லஸ்கர் ஒருவர் 2019-இல் வேலையில் இருக்கும்போதே இறந்தார். மனைவிக்கு வயது 38, எட்டாவது படித்தவர். மகளுக்கு 19, பன்னிரண்டாவது தேறியவள். மகனுக்கு 12. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த பெரிய மனிதர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "பெண் இன்னொரு வீட்டுக்குப் போகிறவள். நீயோ வெளியே போய் அறியாதவள். பையன் தலையெடுக்கட்டும், வேலை அவனுக்கே இருக்கும்" என்கிறார்கள். அய்யருக்குத் தட்சிணை கொடுக்க அன்றைக்கே கடன் வாங்கத் தெரிந்தவர்களுக்கு, மனுப் போட மாத்திரம் ஆறு வருஷம் பொறுக்கத் தெரிகிறது!

தமிழ்நாட்டு விதிப்படி இறந்த தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். மைனர் பிள்ளையானாலும் அந்த மூன்று வருஷத்துக்குள் 18 நிரம்பியிருக்க வேண்டும். இந்தப் பையனுக்கு 18 நிரம்புவது 2025-இல். கெடு முடிந்ததோ 2022-இல். தாயார் மனுப் போட்டிருக்கலாம், மகள் போட்டிருக்கலாம். இருவரும் பெண்கள் என்பதற்காக உட்காரவைத்து, ஆண் பிள்ளைக்கென்று மிராசைப் பாதுகாத்தார்கள். மிராசும் போயிற்று, சோறும் போயிற்று. ஹரியானாவில் 1997-இல் ஒரு போலீஸ்காரர் இறந்தபோது மகனுக்கு வயது 7. அவன் வயது வந்தபின் வேலை கேட்டான். 2024 நவம்பரில் உச்சநீதிமன்றம் முடியாதென்று சொல்லிவிட்டது. இத்தனை வருஷத்துக்குப் பின் திடீர் நெருக்கடி எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பெண் கலியாணமானால் குடும்பத்தை விட்டுப் போனவள் என்பதும் சுத்தப் புரட்டு. மகன் கலியாணம் செய்துகொண்டால் மகனாக இல்லாமல் போய்விடுகிறானா? கர்நாடகத்தில் "கலியாணமாகாத மகள்" என்று விதியில் போட்டிருந்ததை 2020-இல் அங்குள்ள ஹைகோர்ட்டு தள்ளிற்று. மேலே போன அந்தச் சர்க்கார் 2021-இல் உச்சநீதிமன்றத்திலும் தோற்றது.

இனி "கருணை" என்பதற்கு வருவோம். வேலை பாத்தியதை அல்ல என்றவுடனே, ஆபீஸ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர், "அப்படியானால் இது என் தயவு" என்று நினைத்துக்கொள்ளுகிறார். விதவை ஒரு வருஷம் நடக்கிறாள். வாரிசுச் சான்று தாலுகா ஆபீசில் கிடக்கிறது. வறுமை நிலைச் சான்றில் ஒரு கையெழுத்து இல்லையென்று கட்டு திரும்பி வருகிறது. இது யார் வீட்டுக் கருணை என்று கேட்கின்றோம். 2023-இல் இதற்கென்று தனி விதிகளே சர்க்கார் செய்திருக்கிறது. விதி இருக்கிற இடத்தில் தயவுக்கு என்ன வேலை? வேலை கிடைத்தே தீரும் என்ற பாத்தியதை குடும்பத்துக்கு இல்லை. ஆனால் மனுவை வாங்கி, விதியை வைத்துப் பார்த்து, காலத்தில் பதில் சொல்லவேண்டும் என்று கேட்கும் பாத்தியதை பூரணமாக இருக்கிறது. இல்லையென்று சொன்னால் காரணத்தை எழுத்தில் கேட்கும் பாத்தியதையும் இருக்கிறது.

இதில் உள்ள பெரிய அக்கிரமம் தாமதந்தான். ஆபீசே காகிதத்தை வருஷக்கணக்காகத் தூங்கவைக்கிறது. பிறகு, "இத்தனை நாள் பிழைத்திருந்தீர்களே, ஆகவே நெருக்கடி இல்லை" என்கிறது. பட்டினி போட்டவனே, நீ சாகவில்லையே, ஆகையால் உனக்குப் பசியில்லை என்பது போல் இருக்கிறது இது. மேற்கு வங்காளத்தில் நகராட்சி வேலையில் இருந்து இறந்தவர்களின் குடும்பத்தார் மனுப் போட்டுவிட்டுப் பல வருஷம் காத்திருந்தார்கள். ஹைகோர்ட்டு அவர்கள் பக்கம் சொன்னாலும், 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் காலம் கடந்துவிட்டதென்று தள்ளிவிட்டது. அதிகாரிகள் இப்படிப்பட்ட மனுக்களைச் சுருக்காகப் பார்க்கவேண்டும் என்றும் கோர்ட்டு சொல்லத்தான் சொல்லிற்று. ஆனால் தாமதத்தின் நஷ்டம் விழுந்தது குடும்பத்தின் தலையில்.

ஆகவே, துக்கத்தோடு துக்கமாக முதல் இரண்டு மாதத்துக்குள்ளேயே மரணச் சான்றும் வாரிசுச் சான்றும் வாங்கி, மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதத்தோடு, இறந்தவர் வேலை பார்த்த ஆபீசிலேயே மனுவைக் கொடுக்க வேண்டும். வாய்மொழியாக "பார்க்கலாம்" என்பதை நம்பாமல், தேதியும் முத்திரையும் போட்ட ரசீது வாங்க வேண்டும். கொடுக்காவிட்டால் போய்ச் சேர்ந்ததற்கு அத்தாட்சி கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்ப வேண்டும். ஆறு மாதம் பதில் இல்லாவிட்டால், தஞ்சாவூர் ஜில்லாக்காரர் போக வேண்டிய இடம் ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை. அங்கே "வேலை கொடு" என்று உத்தரவு கேட்டால் பெரும்பாலும் கிடைக்காது. "இந்த மனுவின் மேல் இத்தனை வாரத்துக்குள் விதிப்படி முடிவு சொல்லு" என்று கேட்டால் கிடைக்கும். அந்த உத்தரவின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு அதே மேஜைக்கு முன்னால் போய் நிற்கும்போது, நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுவார்கள்.