தளத்தில் வீழ்த்த ஒரு செங்கோடு போதும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஒரு வெக்டரை ஒரு தளத்தின்மீது வீழ்த்துக என்று கணக்குக் கொடுத்தால், நம்மில் பலர் உடனே அத்தளத்திற்குள் இரண்டு வெக்டர்களைத் தேடப் புறப்பட்டு விடுகிறோம். தளம் இரு பரிமாணம் உடையது. ஆகவே இரண்டு வேண்டும் என்று எண்ணுகிறோம். இது வீண் அலைச்சல் என்பதும், பிழைக்கு வழி திறந்துவிடுவது என்பதும் என் கருத்து.

x + 2y + 2z = 0 என்னும் தளத்தை எடுத்துக்கொள்வோம். வீழ்த்த வேண்டிய வெக்டர் v = (3, 1, 2). நான் முதலில் செய்த முறையைச் சொல்கிறேன். தளத்தில் a = (2, −1, 0), b = (2, 0, −1) ஆகியவற்றைப் பிடித்தேன். ஒவ்வொன்றின் மீதும் v-ஐத் தனித்தனியே வீழ்த்திக் கூட்டினேன். a-யின் மீது (2, −1, 0) வந்தது, b-யின் மீது (1.6, 0, −0.8) வந்தது. கூட்டினால் (3.6, −1, −0.8). தளத்தின் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன்: 3.6 − 2 − 1.6 = 0. விடை தளத்தில்தான் இருக்கிறது! சரி என்று மகிழ்ந்து போனேன்.

ஆனால் நீளத்தைப் பாருங்கள். v-யின் நீளத்தின் வர்க்கம் 14. என் விடையினுடையது 14.6. செங்குத்தாக விழும் நிழல் பொருளைவிட நீண்டிருக்க முடியுமா? a, b இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தானவை அல்ல. அவற்றின் புள்ளிப்பெருக்கம் 4. ஆகவே இரு வீழல்களையும் கூட்டியபோது ஒரு பகுதியை இருமுறை எண்ணிவிட்டேன்.

இனிச் செங்கோட்டு வெக்டரை மட்டும் கொண்டு பார்ப்போம். அது சமன்பாட்டின் கெழுக்களிலேயே இருக்கிறது: n = (1, 2, 2). தளத்திலிருந்து v எவ்வளவு விலகி நிற்கிறதோ, அது முழுவதும் n-இன் திசையிலேயே இருக்கும். அதைக் கழித்துவிட்டால் எஞ்சுவதே வீழல்:

p = v − ((v·n)/(n·n)) n

v·n = 3 + 2 + 4 = 9; n·n = 9. ஆகவே p = v − n = (2, −1, 0). நீள வர்க்கங்கள் 5 + 9 = 14 எனப் பொருந்துகின்றன. n·n-ஆல் வகுக்க மறப்போர் உண்டு. மறந்தால் (−6, −17, −16) என்று வந்து, தளத்தை விட்டே வெளியேறிவிடும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். என் பிழைதான் ஒளிந்திருக்கும். அதைப் பிடிக்க, v − p என்பது n-க்கு இணையா என்று பார்க்கவேண்டும். என் விடைக்கு அது (−0.6, 2, 2.8), இணையன்று.

ஒன்று மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். தளம் ஆதி வழியே செல்லாவிட்டால் n தனியாகப் போதாது. அது சாய்வைச் சொல்லுமே தவிர இடத்தைச் சொல்லாது. x + 2y + 2z = 18 எனில், v·n-க்குப் பதிலாக 9 − 18 = −9 என எடுக்கவேண்டும். அப்போது (3, 1, 2) என்னும் புள்ளியின் வீழல் v + n, அதாவது (4, 3, 4). 4 + 6 + 8 = 18 அல்லவா?