சான்றில்லாத வரிகள்

"கொஞ்சம் கூட்டித்தான் எழுதவேணும் மாமா. எல்லாரும் இப்பிடித்தான் எழுதினம்." அயல்வீட்டு இளைஞன் சென்ற வாரம் என்னிடம் கூறியது இது. தனியார் நிறுவனமொன்றில் தரவுத்தள உதவியாளர் பதவிக்கான விண்ணப்பக் கடிதத்தை எழுதி முடித்து, எழுத்துப்பிழை பார்த்துத் தருமாறு கொண்டுவந்திருந்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் அக்கடிதம் அப்படியே போயிருந்தால் நேர்முகத் தேர்வில் பத்து நிமிடம் தாங்கியிராது.

இந்தக் "கூட்டி எழுதும்" உபதேசத்தை நமது பிள்ளைகளுக்கு வழங்குகிறவர்கள் மீதே எனக்குக் கோபம். அவர்களில் எவரும் நேர்முகத் தேர்வு மேசையின் மறுபக்கத்தில் அமர்ந்தவர்களாகத் தெரியவில்லை. நான் செய்தி ஆசிரியனாக அமர்ந்திருக்கிறேன். கோவையைப் புரட்டும்போது எவர் கண்ணும் முதலில் தேடுவது பெரிய வாக்கியத்தைத்தான். அதற்கு ஆதாரம் இல்லையென்று தெரிந்த கணத்திலிருந்து, விண்ணப்பதாரியின் உண்மையான தகைமைகளும் சந்தேகத்துடனேயே வாசிக்கப்படுகின்றன.

நான் அவனிடம் ஒரு பென்சிலைக் கொடுத்தேன். கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி வாசிக்கச் சொன்னேன். மேலிருந்து வாசித்தால் எழுதியவனையே அவனுடைய நடை இழுத்துச் சென்றுவிடும். ஒவ்வொரு கூற்றின் அருகிலும் சான்றிதழ் இருந்தால் "ச", காட்டக்கூடிய கருத்திட்டம் இருந்தால் "க", நேரில் கண்ட நற்சான்றாளர் இருந்தால் "ந" என்று இடவேண்டும். எதுவும் இட முடியாத வரி ஒன்றில் தன் அளவுக்குக் குறுகவேண்டும், அல்லது போகவேண்டும்.

"சிங்களத்தில் சரளமாக உரையாடவும் எழுதவும் வல்லவன்" என்றிருந்தது. கையில் இருப்பதோ சாதாரண தரப் பரீட்சையில் இரண்டாம் மொழிச் சிங்களத்துக்குப் பெற்ற "சி" சித்தி. அது பள்ளிப் பாடத்தில் அவன் எட்டிய தரத்தைக் காட்டும். அலுவலகத்தில் கடிதம் வரைவான் என்பதைக் காட்டாது. சித்தியை மட்டும் குறிப்பிட்டு எழுதினான். "டிப்ளோமா" என்றிருந்த கணினிப் பயிற்சி மூன்று மாத வகுப்பு. சான்றிதழை எடுத்துப் பார்த்தால் "பங்குபற்றியமைக்காக" என்றிருக்கிறது. பரீட்சை வைத்துத் தேறியதாக ஒரு சொல்லும் இல்லை. பங்குபற்றியது உண்மை, அதை எழுதலாம். டிப்ளோமா என்ற சொல் அங்கே நிற்க இயலாது.

அவன் அதிகம் வாதாடியது "நூலக முகாமைத்துவ மென்பொருளொன்றை உருவாக்கினேன்" என்ற வரிக்கு. கேட்டுக்கேட்டுப் பார்த்தபோது, அது நால்வர் சேர்ந்து செய்த இறுதியாண்டுக் கருத்திட்டம். தரவுத்தள அட்டவணைகளை வடிவமைத்ததும், தாமதக் கட்டணக் கணக்கை எழுதியதும் அவன். திரைகளை வேறொருவர் செய்தார். "நால்வர் குழுவில் தரவுத்தளப் பகுதி என்னுடையது" என்று மாற்றியதும் வரி சிறுத்ததாக அவன் முகம் வாடியது. எனக்கோ அப்போதுதான் அந்த வரி பெறுமதி பெற்றதாகத் தோன்றியது. விளம்பரம் கேட்டதே தரவுத்தள ஆளைத்தான்! கூட்டி எழுதியதில் அவன் தன் சொந்த வேலையையே மறைத்துவிட்டிருந்தான்.

"சிறந்த தலைமைத்துவப் பண்பு" போயிற்று. அதற்கு எந்த எழுத்தும் கிடைக்கவில்லை. "இரண்டு வருட அனுபவம்" பதினான்கு மாதங்களாயிற்று. சேவைக் கடிதத்தில் உள்ள இரு திகதிகளுக்கு மேல் ஒரு நாளும் கூடாது. தொடக்கநிலைப் பதவிக்கே இரண்டு வருடம் கேட்கும் நிறுவனங்களும் இந்தப் பொய்க்குப் பங்காளிகள்தான். அந்த விளம்பரங்களைக் காசு வாங்கிப் பிரசுரிக்கும் எங்கள் பத்திரிகைகளையும் நான் விலக்கவில்லை.

இது சிறியவர்களின் வியாதி மட்டுமல்ல. 2024 டிசெம்பர் 13 இல் சபாநாயகர் அசோக ரன்வல, பதவியேற்று ஒரு மாதம்கூட ஆகாத நிலையில் விலகினார். கலாநிதிப் பட்டம் பற்றிய கேள்வியே காரணம். பொய்யுரைக்கவில்லை என்றும், சில ஆவணங்கள் தம்வசம் இல்லாததால் உடனடியாகச் சமர்ப்பிக்க இயலவில்லை என்றும் அவர் கூறினார். பட்டம் உண்டா இல்லையா என்பது வேறு விவாதம். காகிதம் கையில் இல்லாமல் அடைமொழி முன்னே சென்றுவிட்டது என்பதே இங்கு எனக்கு வேண்டிய செய்தி.

இறுதியாக நற்சான்றாளர்கள். உறவினரல்லாத இருவரின் பெயர்கள் இருந்தன. ஒருவர் கருத்திட்டத்தை மேற்பார்வை செய்த விரிவுரையாளர். மற்றவர் அவனுடைய தந்தையின் நண்பரான ஓய்வுபெற்ற அதிபர். பையனின் வேலையை ஒருநாளும் கண்டதில்லை. அவரை நீக்கி, பதினான்கு மாதமும் அவனைக் கண்காணித்த மேலாளரின் பெயரை எழுதச் செய்தேன். இருவரிடமும் அனுமதி கேட்டாயா என்றேன். கேட்கவில்லை. என் வீட்டிலிருந்தே விரிவுரையாளருக்கு அழைத்தான். "தம்பி, அந்த அட்டவணைகள் நீர்தானே செய்தனீர்? அதைச் சொல்லுறன்" என்றார் அவர்.