காய்ச்சல் விட்ட பிறகும் கர்ப்பிணியைக் கவனியுங்கள்

ஐப்பசி மழை பிடித்ததும் தமிழகத்து மருத்துவமனைகளில் காய்ச்சல் வார்டுகள் நிரம்பத் தொடங்கும். அங்கே கர்ப்பிணிகளைப் பார்க்கும் செவிலியரும் மகளிர் நலக் குழுவினரும் சேர்ந்து, கர்ப்பிணி இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் வைக்கும் வேண்டுகோள் இது: காய்ச்சல் கண்ட முதல் நாளே ரத்தம் பரிசோதித்துவிடுங்கள்.

ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவருக்குத் திங்கட்கிழமை காய்ச்சல் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வெள்ளிக்கிழமை உடம்பு குளிர்ந்துவிடுகிறது. வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். சனிக்கிழமை அவருக்கு வயிறு வலிக்கிறது, இரண்டு மூன்று முறை வாந்தி வருகிறது. 'மாசமா இருந்தா இதெல்லாம் வரத்தான் செய்யும்' என்று பெரியவர்கள் தேற்றுகிறார்கள். வந்தது டெங்குவாக இருந்தால் மிக ஆபத்தான நேரம் அதுதான். காய்ச்சல் இறங்கும் வேளையில்தான் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசியத் தொடங்கும். விடாத வயிற்று வலியும் தொடர் வாந்தியும் அதன் எச்சரிக்கை.

கர்ப்பிணியிடம் இந்தக் கசிவைக் கண்டுபிடிப்பது மருத்துவருக்கே கடினம். கர்ப்ப காலத்தில் ரத்தத்தின் நீர்ப்பகுதி இயல்பாகவே கூடிவிடுவதால், ரத்தத்தின் அடர்த்தியைக் காட்டும் ஹீமட்டோக்ரிட் அளவு குறைந்திருக்கும். நாடித்துடிப்பும் சற்று வேகமாகவே இருக்கும். முன்பு 33 ஆக இருந்த ஹீமட்டோக்ரிட் 40 ஆகிவிட்டால், ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருக்கிறது என்று பொருள். ஆனால் பழைய அளவு தெரியாதவருக்கு 40 சாதாரணமாகத்தான் தோன்றும். அதனால் மருத்துவமனைக்குப் போகும்போது கர்ப்பகாலப் பரிசோதனை அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். அதில் எழுதியிருக்கும் ஹீமோகுளோபினை மூன்றால் பெருக்கினால் பழைய ஹீமட்டோக்ரிட் ஏறக்குறையத் தெரிந்துவிடும். டெங்கு என்று உறுதியானால் தட்டணுக்களோடு ஹீமட்டோக்ரிட்டையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். காய்ச்சல் விட்ட பிறகும் இரண்டு நாளாவது பார்க்க வேண்டும்.

முதல் ஐந்து நாளில் என்எஸ்1 பரிசோதனை டெங்குவைக் காட்டும். முடிவு 'இல்லை' என்று வந்தாலும் அறிகுறிகள் இருந்தால் கவனிப்பைக் கைவிடக் கூடாது. மலேரியாவுக்கும் அப்போதே ரத்தம் பார்த்துவிடலாம். பால்சிபாரம் வகை மலேரியாக் கிருமிகள் நஞ்சுக்கொடியில் தேங்கிக் குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கும். மலேரியாவுக்குப் பிறருக்குத் தரும் பிரைமாகுயின் மாத்திரையைக் கர்ப்பிணிக்குக் கொடுக்கக் கூடாது. எனவே அடுத்தவர் மிச்சம் வைத்ததை வாங்கிப் போடாதீர்கள்.

ஃப்ளூ போன்ற மற்ற வைரஸ் காய்ச்சல்களும் கர்ப்பிணிக்கு நுரையீரல் வரை போகக்கூடும். மூச்சு வாங்கினால் காத்திருக்க வேண்டாம்.

உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசி, இபுப்ரூஃபன், ஆஸ்பிரின் எதுவும் வேண்டாம். டெங்குவில் இவை ரத்தக்கசிவைக் கூட்டும். மருத்துவர் சொன்ன அளவில் பாராசிட்டமால் போதும். ரத்த அழுத்தம் ஏறாமலிருக்க ஏற்கெனவே ஆஸ்பிரின் சாப்பிட்டு வரும் கர்ப்பிணிகள், அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஈறிலோ பிறப்புறுப்பிலோ ரத்தம் கசிந்தாலும், சிறுநீர் குறைந்தாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கர்ப்பிணி சோர்ந்து கிடந்தாலும் இரவென்று பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.