விடை சரி, கேள்விதான் வேறு

ஜித்ராவில் நான் வணிகவியல் படித்தபோது, ஒரு சோதனைக்குப் பிறகு எங்கள் ஆசிரியர் வகுப்புக்கு ஒரு கடிதம் எழுதினார். விடைத்தாள்களோடு ஆளுக்கொரு படி கிடைத்தது. அதன் முதல் வரி இது: “பிள்ளைகளே, கால்குலேட்டரை இரண்டாவது முறை தட்டுவதற்குப் பெயர் சரிபார்ப்பு அல்ல.”

எங்களில் பலரைச் சறுக்கிவிட்ட கேள்வி மிக எளிமையானது. ஒரு கடையில் மாதம் 300 மூட்டை அரிசி விற்கிறது. ஒவ்வொரு முறை ஆர்டர் செய்யவும் 50 ரிங்கிட் செலவு. ஒரு மூட்டையை ஓராண்டு கிடங்கில் வைத்திருக்க 4 ரிங்கிட் ஆகும். ஒரு தடவைக்கு எத்தனை மூட்டை வாங்கினால் செலவு மிகக் குறையும்?

இதற்கான சூத்திரத்தை ஃபோர்ட் ஹாரிஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1913இல் வெளியிட்டார்: Q = √(2DS ÷ H). இங்கே D தேவை, S ஒரு ஆர்டரின் செலவு, H ஒரு மூட்டையை வைத்திருக்கும் செலவு. நான் D-க்கு 300 என்று போட்டேன். 2 × 300 × 50 ÷ 4 = 7,500. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 87. மீண்டும் தட்டிப் பார்த்தேன், அதே 87. நிம்மதியாகத் தாளைக் கொடுத்துவிட்டேன்.

தவறு கணக்கில் இல்லை, காலத்தில் இருந்தது. வைத்திருக்கும் செலவு ஆண்டுக்கு, நான் போட்ட விற்பனையோ மாதத்துக்கு. ஆண்டு விற்பனை 3,600 மூட்டை. அதைப் போட்டால் 90,000 வரும், அதன் வர்க்கமூலம் 300. இதுதான் சரியான விடை.

‘விடையைப் பார்த்தாலே தவறு தெரிந்திருக்குமே’ என்று நீங்கள் நினைக்கலாம். தெரியாது. தேவையை நான் 12 மடங்கு குறைத்துப் போட்டேன். ஆனால் வர்க்கமூலம் அந்தப் பிழையைச் சுமார் மூன்றரை மடங்காகச் சுருக்கிவிடுகிறது. அதனால் 87 என்பது நம்பக்கூடிய எண்ணாகவே தோன்றுகிறது.

ஆசிரியர் சொன்ன சோதனை இது: மிகச் சிக்கனமான அளவில், ஆண்டு முழுதும் ஆர்டருக்கு ஆகும் செலவும் கிடங்கில் வைத்திருக்கும் செலவும் சமமாக இருக்க வேண்டும். 300 மூட்டை வாங்கினால் ஆண்டுக்கு 12 ஆர்டர், 600 ரிங்கிட். கிடங்கில் சராசரி இருப்பு பாதி, அதாவது 150 மூட்டை. அதற்கும் 600 ரிங்கிட். சமம். 87 வாங்கினால் ஆண்டுக்குச் சுமார் 41 ஆர்டர். அதற்கு ஏறத்தாழ 2,070 ரிங்கிட், இருப்புக்கு வெறும் 174. மொத்தம் 1,200 ரிங்கிட்டில் முடிய வேண்டிய செலவு 2,240-ஐத் தாண்டுகிறது. உண்மையான கடையாக இருந்தால் ஆண்டுக்கு ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் கைநட்டம்.

இதில் ஒரு பொறியும் உண்டு, கடிதத்தில் என் மனத்தில் பதிந்த பகுதி அதுதான். அந்தச் சோதனையிலும் நான் 300-ஐயே தேவையாகப் போட்டிருந்தால், இரு செலவும் ஏறக்குறைய 173 ரிங்கிட் என்று அழகாகச் சமமாகியிருக்கும்! தவறான எண்ணிலிருந்து தொடங்கும் சோதனை அந்தத் தவறுக்கே சாட்சி சொல்லும். “உங்கள் வழிமுறையிலிருந்து தொடங்காதீர்கள். கேள்வித்தாளை மறுபடி படித்து, ஒவ்வோர் எண்ணின் அருகிலும் அது மாதத்துக்கா ஆண்டுக்கா என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்” என்று எழுதியிருந்தார்.

பெரியவர்களுக்கும் இது நேர்ந்திருக்கிறது. அரசுக் கடனையும் பொருளாதார வளர்ச்சியையும் பற்றி ரைன்ஹார்ட், ரோகோஃப் ஆகிய இரு பொருளியலாளர்கள் 2010இல் எழுதிய கட்டுரை உலகெங்கும் பேசப்பட்டது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மாணவர் தாமஸ் ஹெர்ண்டன் அவர்களுடைய எக்செல் கோப்பையே கேட்டு வாங்கிப் பார்த்தார். சராசரி எடுத்த இடத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. 2013இல் அவரும் அவருடைய பேராசிரியர்களும் வெளியிட்ட குறைகளில் அதுவும் ஒன்று. எக்செல் சரியாகத்தான் கூட்டி வகுத்தது. கொடுத்த வரிசைகள்தான் குறைவு.

நேரமில்லையே என்பீர்கள். எதைச் சரிபார்ப்பது என்று தெரிந்தால் நேரம் போதும். கடைக்காரர் 300-க்குப் பதில் 280 மூட்டை வாங்கினாலும் ஆண்டுச் செலவு மூன்று ரிங்கிட்தான் கூடும். ஆகவே தசமப் புள்ளிகளோடு மல்லுக்கட்ட வேண்டாம், அலகுகளைப் பாருங்கள். தீபாவளிக்கு முன் விற்பனை எகிறுமா என்பதை மட்டும் இந்தச் சோதனை சொல்லாது. விற்பனை மாதந்தோறும் ஒரே சீராக இருக்கும் என்பது சூத்திரத்தின் அனுமானம்.

என் கருத்து இதுதான்: இப்படிப்பட்ட கேள்விகளில் சரிபார்த்த வரிக்கென்று ஒரு மதிப்பெண் ஒதுக்க வேண்டும். என் தாளில் அப்படி ஒரு வரி கேட்கப்பட்டிருந்தால், 600-க்கு எதிரே 600 வருகிறதா என்று நான் தேடியிருப்பேன்.