பலூனை அளந்த பிறகு எழுதுங்கள்

காமிக்ஸ் மொழிபெயர்ப்பைப் பற்றி நம்மிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. வசனத்தை முழுதாக மொழிபெயர்த்துவிட வேண்டியது, இடம் போதாவிட்டால் பிறகு வெட்டிக்கொள்ளலாம் என்பது. இந்த இதழுக்கு வந்த மாதிரிப் பக்கங்கள் பலவற்றிலும் அந்தப் பழக்கத்தின் தழும்பு தெரிந்தது. வெட்டியவர் மொழிபெயர்ப்பாளர் அல்ல, எழுத்து பொருத்துகிறவர். அவருக்கு மூலக்கதை தெரியாது. பலூனுக்குள் வசனம் அடங்க வேண்டும், அவ்வளவுதான் அவர் கவலை. முதலில் எழுத்தின் அளவைக் குறைப்பார், அதற்கும் அடங்காவிட்டால் ஒரு சொல்லைத் தூக்குவார். பெரும்பாலும் 'தான்', 'கூட', 'ஆவது' போன்றவைதான் போகும். வசனத்தின் உயிர் அவற்றில்தான் இருந்திருக்கும்.

சிவகாசியில் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யோடு முத்து காமிக்ஸ் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸ் வந்தது. பிரிட்டிஷ் வாரப் பத்திரிகைத் தொடர்களும் பிரெஞ்சு, பெல்ஜிய ஆல்பங்களும் இத்தாலிய டெக்ஸ் வில்லரும் அந்த ஊர் வழியாகத்தான் நம் கைக்கு வந்தன. அரை நூற்றாண்டு அனுபவம். ஆனாலும் பலூனுக்குள் தமிழ் எப்படி உட்காருகிறது என்பதை யாரும் உட்கார்ந்து எழுதிவைக்கவில்லை. தொழில் கைமாறியது, குறிப்பு கைமாறவில்லை.

ஒரு பலூனை எடுத்துக்கொள்வோம். எந்தக் கதையிலும் வரக்கூடிய கௌபாய் காட்சி. மதுக்கடை, மேசை மேல் துப்பாக்கி, அதை நோக்கி நகரும் ஒரு கை. எதிரே நிற்பவன் அலட்டாமல் சொல்கிறான்: "ஐ வுடன்ட் டச் தட் கன் இஃப் ஐ வேர் யூ, மிஸ்டர்!" நேராகப் பெயர்த்தால், 'நான் உன் இடத்தில் இருந்தால் அந்தத் துப்பாக்கியைத் தொடமாட்டேன், ஐயா!' இலக்கணப் பிழை இல்லை. எழுத்துகளை எண்ணினால் 33. ஆங்கிலத்தில் 36. தமிழ் குறைவுதானே, அடங்கிவிடும் என்று தோன்றும். அடங்காது.

காரணம், நாம் எண்ணும் எழுத்து வேறு, அச்சில் இடம் பிடிக்கும் உரு வேறு. 'தொ' கணக்கில் ஓர் எழுத்து, தாளில் கொம்பு, த, கால் என்று மூன்று உரு. 'டே' இரண்டு, 'யை' இரண்டு. அப்படி எண்ணிப் பார்த்தால் அந்த வசனம் 42 உருக்கள். 'தொடமாட்டேன்' மட்டுமே 10. நீள்வட்டப் பலூனில் நடு வரிதான் அகலம், மேலும் கீழும் குறுகும். பத்து உருச் சொல் கடைசிக்கு முந்திய வரியில் வந்து நின்றால் பலூனின் கோட்டை இடிக்கும். உடைத்தால் 'தொடமாட்' என்று ஒரு வரி, 'டேன்' என்று ஒரு வரி. கணினியை அதன் போக்கில் விட்டால் இன்னும் மோசம். தமிழை எங்கே உடைக்கலாம் என்று தெரியாத மென்பொருள் கொம்பை ஒரு வரியிலும் எழுத்தை அடுத்த வரியிலும் போட்டுவிட்டுப் போகும்.

உயரத்திலும் சிக்கல் உண்டு. ஆங்கில காமிக்ஸ் பெரும்பாலும் பெரிய எழுத்துகளிலேயே எழுதப்படுகிறது. அவற்றுக்கு வால் இல்லை, கொம்பும் இல்லை. வரிகளை நெருக்கி அடுக்கலாம். நமக்கு மேலே ஈகாரச் சுழியும் புள்ளியும், கீழே உகர ஊகார வால்களும். மேல்வரியின் 'மூ' கீழ்வரியின் 'கீ'யை மிதிக்கும். என் அனுபவத்தில், ஆங்கிலம் ஆறு வரி நின்ற இடத்தில் தமிழ் நான்கு வரி நிம்மதியாக உட்காரும், ஐந்து வரி நெருக்கியடித்து உட்காரும். ஆறாவது வரி வேண்டுமென்றால் எழுத்தைச் சிறிதாக்க வேண்டும். மலிவுத் தாளில் அப்போது முதலில் பலியாவது புள்ளி. மை பரவி ன், ன என்று ஆகிவிடும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கிறவருக்கு இது கடைசிவரை தெரியாது. புத்தகத்தின் உண்மை அளவில் ஒரு பக்கத்தை அச்செடுத்து, கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, அந்த வசனத்தை என்ன செய்வது? படத்தைப் பார்க்க வேண்டும். துப்பாக்கி படத்தில் இருக்கிறது. ஆகவே 'துப்பாக்கி' என்ற சொல்லுக்கு வேலை இல்லை, 'அது' போதும். யார் இடத்தில் யார் இருந்தால் என்பதைத் தமிழ் 'நானா இருந்தா' என்று முடித்துவிடும். 'ஐயா' அந்தச் சூழலுக்கு ஒட்டவில்லை. மிரட்டலை மரியாதையாகச் சொல்கிறவன் இங்கே 'தம்பி' என்பான். 'நானா இருந்தா அதுல கை வைக்க மாட்டேன், தம்பி!' 27 உருக்கள். எந்தச் சொல்லும் ஆறைத் தாண்டவில்லை. நானா / இருந்தா அதுல / கை வைக்க / மாட்டேன், / தம்பி என்று ஐந்து குட்டி வரியாக அடுக்கினால் பலூனின் வளைவோடு ஒத்துப்போகிறது. அடிக்க வேண்டிய சொல் கடைசி வரியில் தனியாக நிற்கிறது.

'கையை எடு தம்பி!' என்று இன்னும் சுருக்கலாமே என்று கேட்கலாம். சுருக்கலாம், ஆனால் கூடாது. மூலத்தில் அவன் அவசரப்படவில்லை. நிதானமாக, நீட்டிச் சொல்வதுதான் மிரட்டல். பெரிய பலூனின் நடுவில் மூன்று சொல் மிதந்தால் ஆள் பதறிக் கத்துவதுபோல் ஆகிவிடும். பலூனில் மிஞ்சும் வெள்ளையையும் வாசகர் படிக்கிறார். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அடுத்த பக்கத்தில் யாராவது 'துப்பாக்கியைப் பத்தித்தான் சொன்னேனே' என்று திரும்பச் சொல்கிறார்களா? சொன்னால் இங்கேயே அந்தச் சொல்லை வைத்தாக வேண்டும். முழுக்கதையையும் படிக்காமல் முதல் பலூனை மொழிபெயர்க்கக் கூடாது என்பது இதனால்தான்.

மேலே இடம் மிச்சமானதில் பாதி, பேச்சுத் தமிழ் கொடுத்தது. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதைப் 'போயிட்டிருக்கேன்' என்றால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். ஆரம்ப கால முத்து காமிக்ஸ் வசனங்கள் எழுத்துத் தமிழை ஒட்டியே நின்றன. அதற்கு ஓர் அழகு உண்டு, அதில் வளர்ந்தவர்களுக்கு ஏக்கமும் உண்டு. ஆனால் இடம் என்ற ஒரே கணக்கில் பார்த்தால் பேச்சு வடிவமே கைகொடுக்கும். எந்த ஊர்ப் பேச்சு என்பது அடுத்த கேள்வி. நான் இதை எழுதும் குமராட்சியிலிருந்து சிதம்பரம், கடலூர் என்று வடக்கே போகப் போக 'வந்துகினு' காதில் விழும். மதுரைப் பக்கம் 'வந்துக்கிட்டு'. டெக்சாஸ் குதிரை வீரன் இரண்டில் எதைப் பேசினாலும் கதை அமெரிக்காவை விட்டு இறங்கி நம் கடைத்தெருவுக்கு வந்துவிடும். ஊர்ச்சாயல் இல்லாத பொதுப் பேச்சை வசனத்துக்கும், எழுத்துத் தமிழைக் கட்டத்தின் மேலே வரும் விவரணைக்கும் வைத்துக்கொள்வதே என் வழக்கம். கதையிலேயே யாராவது வட்டார மொழி பேசினால் மட்டும் இந்த விதி தளரும்.

ஒரு வாக்கியம் இரண்டு கட்டங்களில் உடைந்து வரும்போதுதான் தமிழ் உண்மையிலேயே சோதிக்கும். முதல் கட்டத்தில் பிணம், துப்பறிகிறவர் சொல்கிறார்: இவரைக் கொன்றிருக்கிறார்கள்... இரண்டாவதில் கத்தி, மிக அருகில்: ...இந்தக் கத்தியால்! ஆங்கிலத்தில் வினை முன்னே வந்துவிடுவதால் வாக்கியமும் படமும் ஒரே வரிசையில் போகின்றன. தமிழின் இயல்பான வரிசையில் கத்தி முன்னே வரும், கொலை பின்னே வரும். அப்படி எழுதினால் பிணத்தின் மேல் கத்தியைப் பற்றிய பேச்சு, கத்தியின் மேல் கொலைச் செய்தி. படம் ஒன்று காட்ட, வசனம் ஒன்று சொல்லும். மூலத்தின் வரிசையை அப்படியே வைத்தால் '...இந்தக் கத்தியால்!' என்று வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். இங்கே ஒரு வாக்கியத்தை இரண்டாக்குவதுதான் வழி. 'இவரைக் கொன்னிருக்காங்க...' என்பது முதல் கட்டம். 'ஆயுதம்... இந்தக் கத்தி!' என்பது இரண்டாவது. வாக்கிய அமைப்பு மாறியது, படத்தின் முடிச்சு அவிழும் இடம் மாறவில்லை. கட்டத்துக்குக் கட்டம் எது தெரியவருகிறது என்பதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

இனி ஓசை. இதில் நம் மொழிக்குச் சொத்து அதிகம், செலவழிக்கத்தான் தெரியவில்லை. ஆங்கில ஓசைச் சொற்களில் நிறைய, உண்மையில் வினைச்சொற்கள். கதவை அறைவது 'ஸ்லாம்', எச்சில் விழுங்குவது 'கல்ப்', விம்முவது 'சாப்'. இவற்றின் பொருளைத் தேடிப் போனால் கட்டத்துக்குள் 'அறைதல்', 'விழுங்கல்' என்று அகராதி வந்து உட்காரும். தேட வேண்டியது காது. கதவு 'படார்', எச்சில் 'மடக்'. விம்மலுக்கு ஓசைச் சொல்லே வேண்டாம், அழுகிறவரின் பலூனுக்குள்ளேயே சொற்களை உடைத்து 'நா... நான்...' என்று எழுதினால் போதும்.

தமிழ் ஓசைச் சொல்லில் காலமும் அடக்கம். ஒருமுறை நடந்து முடிந்தது ஒற்றையாக வரும்: டமார், சடார், பொத், ணங். தொடர்ந்து நடப்பது இரட்டையாக வரும்: தடதட, சலசல, மளமள. இந்த இரட்டைக்கிளவிகள் பிரித்தால் பொருள் தராதவை என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். ஆகவே குதிரைகள் கட்டம் முழுக்க ஓடும்போது 'தடதடதட' சரி. ஓர் ஆள் மாடியிலிருந்து விழுந்து கிடக்கும் கட்டத்தில் 'தடதட' என்று போட்டால், விழுந்தவர் இன்னும் உருண்டுகொண்டே இருக்கிறார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். உரைநடையில் 'வென்று' ஒட்டித்தான் இவற்றை எழுதுகிறோம். கட்டத்துக்குள் அந்த ஒட்டு தேவையில்லை, வினையைப் படம் பார்த்துக்கொள்கிறது. துப்பாக்கிக்கு எப்போதும் 'டுமீல்' என்ற பழக்கம் மட்டும் எனக்கு அலுத்துவிட்டது. அருகில் சுட்டால் அது பொருந்தலாம். மலைக்கு அந்தப் பக்கம் கேட்கும் வேட்டுக்கும் அதே சொல்லா?

படத்தோடு சேர்த்து வரைந்த ஓசை தனிப் பிரச்சினை. இப்போதெல்லாம் உரிமை தருகிற பதிப்பாளர்கள் பலர் வசனத்தைத் தனி அடுக்காகப் பிரித்த கோப்பு தருகிறார்கள். ஆனால் ஓவியர் கையால் வரைந்த பெரிய 'பூம்' படத்தின் அடுக்கிலேயே இருக்கும். அதை அழித்தால் அடியில் புகையும் சுவரும் புதிதாக வரையப்பட வேண்டும். ஜப்பானிய மங்காவில் இது உச்சம், பாதிப் பக்கம் ஓசையே ஓவியமாக நிற்கும். அதோடு அங்கே பலூன்கள் மேலிருந்து கீழாக எழுதுவதற்கென்று ஒடுங்கி நீண்டிருக்கும், நம் நீளச் சொற்களுக்கு அவை ஜென்மப் பகை. வரைந்த ஓசையில் எதை மாற்றலாம் என்றால், கதை அந்த ஓசையைச் சார்ந்திருந்தால் மட்டும் மாற்றுங்கள் என்பேன். கதவுக்குப் பின்னால் 'க்ளிக்' கேட்டுத்தான் நாயகன் திரும்புகிறான் என்றால் அது தமிழில் படிக்கப்பட வேண்டும். வெடித்துச் சிதறும் கிடங்கின் மேல் வேற்றெழுத்தில் 'பூம்' கிடந்துவிட்டுப் போகட்டும். அரைகுறையாக அழித்துவிட்டு அதன்மேல் கணினி எழுத்தில் தமிழ் ஒட்டுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இவ்வளவையும் மொழிபெயர்ப்பாளர் செய்ய வேண்டுமென்றால் அவர் கைக்கு இரண்டு பொருள் வர வேண்டும். தட்டச்சிட்ட வசனப் பட்டியல் மட்டும் போதாது, படத்தோடு முழுப் பக்கங்கள் வேண்டும். எழுத்து பொருத்தி முடித்த பக்கங்களும் அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை அவரிடம் திரும்பி வர வேண்டும். வெட்டுவது அவர் கையாலேயே நடக்கட்டும்.

கூலிக் கணக்கும் மாற வேண்டும். சொல்லுக்கு இவ்வளவு என்று பேசும் வரை, எட்டுச் சொல் கொண்ட நேர்ப்பெயர்ப்புக்குக் கிடைப்பது ஏழு சொல் கொண்ட நல்ல வசனத்துக்குக் கிடைக்காது. இரண்டு மணி நேரம் காதைத் தீட்டிக் கண்டுபிடித்த 'மடக்'குக்கு ஒரு சொல்லின் காசுதான் வரும். காமிக்ஸுக்குப் பக்கக் கணக்கில் பேசுங்கள், எழுத்து பொருத்திய பக்கங்களைத் திருத்தும் வேலையையும் அதே ஒப்பந்தத்தில் சேர்த்தே பேசுங்கள்.