'பூச்சிய வட்டி'யும் பிந்திய கூலியும்

"இப்போது வாங்குங்கள், பிறகு செலுத்துங்கள்" என்ற வாசகம் இன்று கைபேசித் திரையில் விற்பனைப் பொத்தானுக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. கடன் என்ற சொல்லை அங்கே பெரும்பாலும் காண முடியாது. 'பே லேட்டர்', 'எளிய தவணை', 'நோ காஸ்ட் இஎம்ஐ' என்று பல பெயர்கள் உண்டு. பெயர் எதுவாயினும் நடப்பது ஒன்றுதான்: ஒரு வங்கியோ வங்கி சாரா நிதி நிறுவனமோ வாங்குபவரின் பெயரில் கடன் கொடுத்து, அப்பணத்தைக் கடைக்காரரிடம் சேர்க்கிறது. வாங்குபவர் நான்கு முறை விரலால் தொட்டதோடு கடனாளியாகிவிடுகிறார். பலருக்கு அது கடன் என்பதே முதல் தவணை தவறிய பிறகுதான் தெரிய வருகிறது.

வட்டியில்லாக் கடன் என்று ஒன்று இருக்கிறதா? முதலாளித்துவச் சந்தையின் காவலரான ரிசர்வ் வங்கியே இதற்கு விடை சொல்லியிருக்கிறது. பூச்சிய விழுக்காடு வட்டி என்ற கருத்தே இல்லாத ஒன்று எனவும், அத்தகைய திட்டங்களில் வட்டி வேறு பெயரில் மறைத்து வசூலிக்கப்படுகிறது எனவும் 2013 செப்டம்பரில் அது வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. விளம்பரமோ குறையவில்லை.

மறைந்திருக்கும் வட்டியைக் கண்டுபிடிக்கப் பெரிய கணிதம் தேவையில்லை. பெங்களூருவின் பீன்யா தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஓர் ஒப்பந்தத் தொழிலாளியை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அவர் 12,000 ரூபாய் விலையுள்ள ஒரு கைபேசியை வாங்குகிறார். மாதம் 2,000 வீதம் ஆறு தவணை, 'வட்டி இல்லை'. பரிசீலனைக் கட்டணம் 199 ரூபாய்; அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி; ஆக 235 ரூபாய் முதல் நாளே போகிறது. அதே கைபேசியை ரொக்கமாக வாங்கினால் 11,400 ரூபாய்க்குக் கிடைக்கும். தவணை முறையைத் தேர்ந்ததும் அந்த 600 ரூபாய்த் தள்ளுபடி காணாமற் போய்விடும். அந்த 600தான் வட்டி.

ஆகவே இத்தொழிலாளி உண்மையில் பெற்ற கடன் 12,000 அன்று. பொருளின் ரொக்க விலை 11,400. அதில் 235ஐ அவரே முன்கூட்டிக் கொடுத்துவிட்டார். மீதமுள்ள 11,165 ரூபாய்தான் அவருக்குக் கிடைத்த கடன். திருப்பிக் கொடுப்பது 12,000. கூடுதலாகப் போவது 835 ரூபாய். 'ஆறு மாதத்திற்கு ஏழரை விழுக்காடுதானே, ஆண்டுக்குப் பதினைந்து' என்று தோன்றும். அங்கேதான் ஏமாறுகிறோம். முழுத்தொகையும் ஆறு மாதமும் அவர் கையில் இருப்பதில்லை. ஒவ்வொரு மாதமும் 2,000 குறைந்துகொண்டே வருகிறது. இதைக் கணக்கில் எடுக்க ஓர் எளிய வழி உண்டு. கூடுதல் தொகையை 24ஆல் பெருக்க வேண்டும். தவணைகளின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி, அதைக் கடன் தொகையால் பெருக்கி, அந்தத் தொகையால் வகுக்க வேண்டும். இங்கே 835ஐ 24ஆல் பெருக்கினால் 20,040. கடன் 11,165ஐ ஏழால் பெருக்கினால் 78,155. முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஆண்டுக்கு ஏறத்தாழ 25 விழுக்காடு. துல்லியமான கணக்கும் ஏறக்குறைய அதையே தருகிறது. இதற்குப் பெயர் பூச்சிய வட்டி!

'இப்போதுதான் விதிமுறைகள் வந்துவிட்டனவே' என்று சிலர் சொல்லக்கூடும். வந்தது உண்மை. 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட மின்னணுக் கடன் வழிகாட்டு நெறிகள், கடன் ஒப்பந்தத்திற்கு முன்பே 'முக்கிய விவரக் குறிப்பு' ஒன்றைக் கடனாளிக்குக் கொடுக்கக் கட்டாயப்படுத்தின. கட்டணங்கள் அனைத்தையும் சேர்த்த ஆண்டு விழுக்காடு அதில் இருக்க வேண்டும். போராடாமல் கிடைத்த நல்ல விதி, அதைப் பயன்படுத்துவோம். ஆனால் அக்குறிப்பு கடன் தொகையை 12,000 என்று காட்டுமானால், 235 ரூபாய் மட்டுமே செலவாகத் தெரியும். விழுக்காடு ஏழுக்குள் அடங்கிவிடும். இழந்த ரொக்கத் தள்ளுபடி எந்தக் குறிப்பிலும் ஏறாது. அதைக் கடைவீதியில் விசாரித்துத்தான் அறிய வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாத் தவணையும் உரிய நாளில் கட்டியவரின் கணக்கு. தவறியவரின் கதை இனிமேல்தான்.

நமது தொழிலாளியின் தவணை நாள் மாதத்தின் 5ஆம் தேதி. கூலியை அடுத்த மாதம் 7ஆம் தேதிக்குள் வழங்கலாம் என்று ஊதியச் சட்டமே முதலாளிக்கு அவகாசம் கொடுத்திருக்கிறது. ஆக, சட்டப்படி நடக்கும் முதலாளியிடம் வேலை செய்பவருக்கே கையில் காசு வருமுன் தவணை வந்து நிற்கிறது. நான்காவது மாதத்தில் ஒப்பந்தக்காரர் சட்டத்தையும் மதிக்கவில்லை. 18ஆம் தேதிதான் கூலி தந்தார். 5ஆம் தேதி காலையில் வங்கிக் கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும் முயற்சி தோற்றது. கடன் கொடுத்த நிறுவனம் தாமதக் கட்டணம் 250 ரூபாய் போட்டது. கணக்கில் பணமில்லை என்பதற்காக வங்கி தன் பங்குக்கு, ஜிஎஸ்டியோடு, 295 ரூபாய் பிடித்தது. 19ஆம் தேதி அவர் தவணையைக் கட்டிவிட்டார். இரண்டாயிரம் ரூபாய் பதினான்கு நாள் பிந்தியதற்கு விலை 545 ரூபாய், அதாவது இரண்டு வாரத்திற்கு 27 விழுக்காடு. ஊர்க் கந்துவட்டிக்காரனைத் திட்டிப் பழகிய வாய் இங்கே அடைத்துப் போகிறது.

அபராதத்தை வட்டியோடு சேர்த்து வட்டிக்கு வட்டி வாங்கக் கூடாது, அபராதம் நியாயமானதாக இருக்க வேண்டும் என்று 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஆணையிட்டது. நியாயம் என்றால் எத்தனை ரூபாய் என்பதை மட்டும் அது சொல்லவில்லை. உச்சவரம்பில்லாத நியாயத்தை யார் தீர்மானிப்பார் என்று நாம் கேட்க வேண்டியதில்லை.

545 ரூபாயோடு விவகாரம் முடிந்தால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். முடிவதில்லை. நாட்டில் நான்கு கடன் தகவல் நிறுவனங்கள் இயங்குகின்றன. சிபில் என்ற பெயர் எல்லோருக்கும் தெரியும். எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் மற்ற மூன்று. இவை அனைத்தும் தனியார் நிறுவனங்கள். 2025 ஜனவரி முதல் கடன் கொடுப்போர் மாதத்திற்கு இரண்டு முறை, 15ஆம் தேதி நிலவரத்தையும் மாதக் கடைசி நிலவரத்தையும், இவற்றுக்கு அனுப்பியாக வேண்டும். 15ஆம் தேதியன்று நமது தொழிலாளியின் கணக்கு பத்து நாள் பிந்தி நிற்கிறது. பதிவு ஏறிவிடுகிறது. 19ஆம் தேதி கட்டியதால் அது அழிவதில்லை. எத்தனை நாள் தாமதம் என்ற எண் அறிக்கையில் 36 மாதங்கள் வரை தெரிந்துகொண்டிருக்கும்.

ஒரு முறை பத்து நாள் பிந்தியதால் வாழ்க்கை கவிழ்ந்துவிடாது, மிகைப்படுத்த வேண்டாம். ஆனால் சிறு கடன்களுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. மூன்று நான்கு செயலிகளில் கணக்கு இருந்தால், ஒரே மாதக் கூலி பிந்தும்போது மூன்று நான்கு கணக்குகளும் ஒன்றாகத் தவறுகின்றன. 300லிருந்து 900 வரை போகும் மதிப்பெண் அப்போதுதான் சரிகிறது. இரண்டு ஆண்டுக்குப் பிறகு அவர் இருசக்கர வாகனத்திற்கு 90,000 ரூபாய் கடன் கேட்கிறார். நல்ல மதிப்பெண்ணுக்கு 12 விழுக்காடும் குறைந்த மதிப்பெண்ணுக்கு 18 விழுக்காடும் கேட்கும் நிறுவனத்திடம், மூன்றாண்டுத் தவணையில் மாதம் 264 ரூபாய் அதிகம் கட்டுவார். மொத்தம் சுமார் 9,500. கைபேசிக் கடனின் உண்மைச் செலவில் இதையும் எழுதிக்கொள்ள வேண்டும்.

கடன் மட்டுமன்று, வேலையும் போகிறது. பொதுத்துறை வங்கிப் பணித் தேர்வுகளின் அறிவிக்கையிலேயே கடன் பதிவு பற்றிய நிபந்தனை நுழைந்துவிட்டது. கடன் பதிவு மோசமாக இருந்ததைக் காட்டி, தேர்வில் வென்ற ஒருவரின் நியமனத்தை ஸ்டேட் வங்கி ரத்து செய்தது. 2025 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் அது சரியே என்றது. வேலையில்லாததால் கடன் கட்ட முடியாதவனுக்கு, கடன் கட்டாததால் வேலை இல்லை!

இங்கேதான் அரசியல் இருக்கிறது. தொழிலாளி பதினான்கு நாள் பிந்தினார். அபராதம் விழுந்தது, மூன்றாண்டுப் பதிவு ஏறியது. ஒப்பந்தக்காரர் சட்டம் விதித்த நாளைத் தாண்டிப் பதினொரு நாள் பிந்தினார். அவருடைய தாமதத்தை எந்தத் தகவல் நிறுவனம் பதிந்தது? எந்த மதிப்பெண் குறைந்தது? உண்மையில் யார் யாருக்குக் கடன் கொடுத்திருக்கிறார்கள்? மாதம் முழுவதும் உழைப்பை முன்கூட்டிக் கொடுத்துவிட்டுக் கூலிக்குக் காத்திருப்பவர்தான் கடன் கொடுத்தவர். அதற்கு அவர் ஒரு பைசா வட்டியும் கேட்டதில்லை. சில்லறை வணிகனும் வட்டிக்காரனும் தொழிலாளியிடம் பறிப்பதை, உற்பத்தியில் நடக்கும் முதற்சுரண்டலை ஒட்டி நடக்கும் இரண்டாம் சுரண்டல் என்று 'மூலதனம்' மூன்றாம் தொகுதியில் மார்க்ஸ் வகைப்படுத்தினார். செயலி அவ்விருவரையும் ஒரே பொத்தானில் சேர்த்துவிட்டது.

'வங்கிகள் கைவிட்ட ஏழைகளுக்கு இதுவாவது கிடைக்கிறதே' என்பது இத்தொழிலை ஆதரிப்போரின் வாதம். வங்கிகள் கைவிட்டது உண்மை. பொதுத்துறை வங்கி குறைந்த வட்டியில் சிறு கடன் தர வேண்டும் என்பதற்கு அது காரணமாகலாமே தவிர, 25 விழுக்காட்டிற்கு நியாயமாகாது. கூலி உயராத வீட்டில் தவணை என்பது அடுத்த மாதக் கூலியை இந்த மாதமே அடகு வைப்பது.

தொழிற்சங்கத் தோழர்கள் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தரக் கடமைப்பட்டவை. ஆலை வாயிலில் ஒரு நாள் அமர்ந்து உறுப்பினர்களுக்கு அதை எடுத்துக் கொடுக்கலாம். அறிக்கையில் செயலியின் பெயர் பெரும்பாலும் இராது. கடன் கொடுத்த நிதி நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். முன்பின் கேள்விப்படாத பெயரைக் கண்டு, 'இது என் கடனில்லை' என்று விட்டுவிடக் கூடாது. ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும். பொருளைத் திருப்பி அனுப்பிய பின்னும் தவணை ஓடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். பதிவு தவறானால் கடன் கொடுத்தவரிடமும் தகவல் நிறுவனத்திடமும் எழுத்தில் முறையிட வேண்டும். 30 நாளில் திருத்தாவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. அதன்பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in வழியே செல்லலாம். வசூல் முகவர் 'பாதி கொடுங்கள், முடித்துக்கொள்ளலாம்' என்றால் எச்சரிக்கை தேவை: அக்கணக்கு 'செட்டில்டு' என்று பதிவாகும்; முழுவதும் கட்டி முடித்த கணக்காக அது கருதப்படாது.

நமது கோரிக்கைகளும் இதே இடத்திலிருந்து எழ வேண்டும். கூலி வழங்கும் சட்டக் கெடுவிற்கு முன்னால் எந்தத் தவணை நாளும் வைக்கக் கூடாது. தாமதக் கட்டணத்திற்கு ரூபாயில் உச்சவரம்பு வேண்டும். ஊதியம் பிந்தியதால் தவறிய தவணை, முதலாளியின் சான்றைக் காட்டினால் பதிவிலிருந்து நீக்கப்பட வேண்டும். அந்தச் சான்றைத் தர மறுக்கும் முதலாளியின் பெயர் தொழிலாளர் துறையின் பொதுப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதுவும் 36 மாதத்திற்கு.